நிக்காஹ்வுக்கு முன் எழுதிய பெயர்



ஒரு வீட்டில் மவ்த் நிகழ்ந்து, வந்த உறவினர்கள் ஊர் திரும்பிய பின்னர், என் போன்ற மத்ரஸா ஆசிரியர்களைத் தேடி ஆள் வருவதுண்டு. "ஹஜரத், பங்கு பிரித்துக் கொடுங்கள்" என்பார்கள். நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். கணக்குப் பாடம் எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. எனினும் பராயிள் கணக்கை மட்டும் உஸ்தாதுமார்கள் பிரம்பைக் காட்டிப் படிப்பித்துவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட அமரும்போது, அண்மைக் காலமாக ஒரே முடிச்சு என் கையில் மீண்டும் மீண்டும் சிக்குகிறது. அது வருங்கால வைப்பு நிதி, அதாவது நாம் பி.எஃப். என்று சொல்லும் பணத்திற்கு, என்றோ எழுதிக் கொடுத்த ஒரு பெயர்.

ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு சகோதரர் மாரடைப்பால் வஃபாத்தானார். இளம் வயது. வீட்டில் வயது முதிர்ந்த விதவைத் தாய், மனைவி, ஒன்பது வயது மகன், ஆறு வயது மகள். இவர் வேலையில் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு, நிக்காஹ் ஆகியிருக்கவில்லை. சேர்ந்த அன்று அலுவலக எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டி, "வாரிசு பெயர் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். இவரும் பெற்ற தாயின் பெயரைச் சொல்லிக் கையெழுத்திட்டார். அத்துடன் அதனை மறந்தும் போனார். பின்னர் நிக்காஹ் நடந்தது, பிள்ளைகள் பிறந்தனர், அந்தப் படிவம் மட்டும் அப்படியே இருந்தது.

என்னை அழைத்தபோது மருமகள் இத்தாவில் இருந்தார். திரைக்கு அப்பால் அவர் அமர்ந்திருக்க, இப்பால் அந்தத் தாய் என் முன்னே அமர்ந்து, "ஹஜரத், என் மகன் எனக்குத்தான் எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். கம்பெனியிலேயே சொல்லிட்டாங்க. இவ அதைக் கேக்குறது நியாயமா?" என்று கேட்டார். உள்ளிருந்து, "நான் எனக்குக் கேக்கல மாமி, பிள்ளைங்களுக்குத்தான் கேக்குறேன்" என்ற குரல் வந்தது. இருவரிடமும் பேராசை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருவரும் ஒரே மனிதரை இழந்தவர்கள். ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். ஒரு தாளில் இருந்த பெயர் அவர்களைப் பேச்சற்றவர்களாக்கியிருந்தது.

வாசகர்களே! இங்கே முதல் பிழை 'வாரிசு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. படிவத்தில் எழுதப்படுபவர் நாமினி, அதாவது நியமிக்கப்பட்டவர். வாரிசு என்பவர் வேறு. வாரிசை நாம் நியமிப்பதில்லை. அல்லாஹ் சூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் நியமித்துவிட்டான். நாமினி என்பவர், உரியவர் மரணித்த பிறகு அலுவலகம் எவரைத் தேடிப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கப்படும் கை. 1984ஆம் ஆண்டிலேயே, ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றிய ஒரு வழக்கில், நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தர்கள் இன்றும் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். அந்தச் சொல்லை நம்பிய தாயை நான் எப்படிக் குறை கூற முடியும்?

இரண்டாவது பிழை, அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் எண்ணியது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வைப்பு நிதித் திட்டத்தில் நியமனம் பற்றிப் பேசும் பத்தி 61ஆவது. உறுப்பினர் திருமணம் செய்துகொண்டதும் புதிய நியமனம் எழுதித் தர வேண்டும்; திருமணத்திற்கு முன் எழுதியது செல்லாததாகக் கருதப்படும் என்று அது கூறுகிறது. யாரும் அதனை ரத்துச் செய்ய வேண்டியதில்லை. நிக்காஹ் நடந்த அன்றே அது இறந்துவிடுகிறது. ஆனால் தாள் கோப்பில் இருந்துகொண்டேயிருக்கும். அதில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது உயிருள்ளதாகவே தோன்றும். நம்மவர் பலரும், தொழிற்சாலை எழுத்தர்கள் சிலரும் ஏமாறுவது இங்கேதான்.

அந்தத் தாய் தம் பெயரில் விண்ணப்பித்தார். இரண்டு மாதங்கள் கழித்து அது திரும்பி வந்தது. மருமகளின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் மனைவியும் இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வைப்பு நிதிப் படிவமோ திருமணத்திற்கு முந்திய தேதியில் இருக்கிறது. ஆகவே நியமனம் செல்லாது என்பது காரணம். "மருமகள் ஏதோ எழுதிப்போட்டுத் தடுத்துவிட்டாள்" என்று தாய் எண்ணினார். உண்மையில் தடுத்தது மகனின் நிக்காஹ் தேதிதான். இதனை அவருக்கு விளங்க வைக்க எனக்கு மூன்று முறை அந்த வீட்டிற்குப் போக வேண்டியிருந்தது.

செல்லுபடியாகும் நியமனம் இல்லையென்றால் அலுவலகம் என்ன செய்யும்? அதே திட்டத்தின் 70ஆவது பத்தி, குடும்பத்தினர் அனைவருக்கும் சமமாகப் பங்கிடச் சொல்கிறது. 'குடும்பம்' என்பதற்கும் திட்டம் தானே பொருள் கூறுகிறது. ஆண் உறுப்பினருக்கு அது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் விதவையும் பிள்ளைகளும். சகோதரனும் சகோதரியும் அதில் இல்லை. வேலை வாங்கித் தந்த நன்றிக்காக அண்ணன் பெயரை எழுதி வைத்திருப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். எழுதும்போதே சார்ந்து வாழும் தாய் தந்தையர் இருந்தால், அந்த நியமனம் பிறக்கும்போதே செல்லாதது.

இப்போது கணக்கிற்கு வருவோம். அந்தச் சகோதரரின் கணக்கில் இருந்த தொகையை, பிரிப்பதற்கு எளிதாக, 7,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் அதனை நான்காகப் பிரித்து, தாய், மனைவி, மகன், மகள் ஒவ்வொருவருக்கும் 1,80,000 ரூபாய் கொடுத்தது. பராயிள் சட்டப்படி, பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 90,000 ரூபாய். தாய்க்கு ஆறில் ஒன்று, 1,20,000 ரூபாய். எஞ்சிய 5,10,000 ரூபாயில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும். ஆக மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சண்டையிட்ட இரு பெண்களுக்கும் அலுவலகம் அவரவர் உரிமைக்கு மேலாகவே கொடுத்துவிட்டது. குறைந்தது யாருக்கு? ஒன்பது வயது யத்தீமுக்கு. அவனுக்கு வர வேண்டியதில் 1,60,000 ரூபாய் மற்ற மூவரின் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. இதனை நான் சொன்னபோது அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் பேரன் காசா என்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். தம் பங்கில் மிகுந்த 60,000 ரூபாயைப் பேரன் கணக்கில் செலுத்தச் சொல்லிவிட்டார். மருமகளும் தம்மிடம் மிகுந்த 90,000 ரூபாயைச் செலுத்தினார். மகளின் கணக்கில் கூடுதலாக வந்த 10,000 ரூபாயைச் சிறுமியின் பணத்திலிருந்து எடுப்பது சிக்கலானது என்பதால், அதனையும் தாமே ஈடு செய்தார். அவர்கள் நல்லவர்கள், ஆகவே முடிந்தது. எல்லா வீடுகளிலும் இப்படி முடிவதில்லை. சமமாகப் பிரித்த அரசாங்கக் காகிதத்தைக் காட்டி, "இதற்கு மேல் என்ன?" என்று கேட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இதே சகோதரர் பதினைந்து ஆண்டுகள் கழித்து, மகன் வாலிபனாகி, மகளுக்கும் நிக்காஹ் ஆன பின்னர் மரணித்திருந்தால் கணக்கு இன்னும் கோணலாகியிருக்கும். நியமனம் இல்லாத நிலையில், குடும்பத்தில் வேறு எவரேனும் இருந்தால், பருவ வயதடைந்த மகனுக்கும், கணவர் உயிரோடிருக்கும் மணமான மகளுக்கும் 70ஆவது பத்தி பங்கு தருவதில்லை. மனைவியும் தாயும் மட்டுமே பெறுவர். மார்க்கத்தில் பெரும்பங்கு உடைய பிள்ளைகள் அலுவலகக் கணக்கில் எங்குமே இருக்க மாட்டார்கள்.

வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு ஒன்றும் உண்டு. பணியில் இருக்கும்போது உறுப்பினர் மரணித்தால் 7 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடியது அது. அதற்கும் வைப்பு நிதியின் நியமனமே அடிப்படை. ஆதலின் பெயரில் உள்ள சிக்கல் அங்கேயும் தொடர்கிறது. மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் மட்டும் இதில் மாட்டிக்கொள்வதில்லை. அது மனைவிக்கும், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட இரு பிள்ளைகளுக்கும் திட்டத்தின்படியே போய்ச் சேரும்.

இது தனியார் தொழிற்சாலைக்கு மட்டும் உரிய சிக்கல் என்று அரசு ஊழியர்கள் எண்ண வேண்டாம். மத்திய அரசின் பாதுகாப்புக் கணக்குத் துறையில் ஒருவர் 2000ஆம் ஆண்டு பணியில் சேர்ந்து, பொது வைப்பு நிதிக்குத் தாயின் பெயரை எழுதினார். 2003இல் மணமான பிறகு மற்ற சில பணிப் பயன்களில் மனைவியின் பெயரை எழுதிய அவர், வைப்பு நிதியில் மட்டும் மாற்றவில்லை. 2021இல் காலமானார். தாயும் மனைவியும் வழக்காடினர். நிர்வாகத் தீர்ப்பாயம் இருவருக்கும் சமம் என்றது. உயர் நீதிமன்றம் தாய்க்கே என்றது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடும்பம் அமைந்ததும் பழைய நியமனம் செல்லாதாகிவிட்டது என்று கூறி, மீண்டும் இருவருக்கும் சமமாக்கியது. ஒரு தாளை மாற்ற மறந்ததால், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை மாமியாரும் மருமகளும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிரே நின்றார்கள்.

சரி, மாற்றுவது எப்படி? முதலில் உங்கள் நியமனம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரே கேள்வி போதும்: அதில் உள்ள கையெழுத்தின் தேதி, உங்கள் நிக்காஹ் தேதிக்குப் பிந்தியதா? முந்தியதாயின் அதில் யார் பெயர் இருந்தாலும் அது செல்லாது. எழுதப்பட்டவர் மவ்த்தாகியிருந்தாலும் அவர் பங்கிற்குப் புதிதாக எழுத வேண்டும்.

புதிதாக எழுதுவதற்கு இப்போது தொழிற்சாலையின் தயவு வேண்டியதில்லை. கைப்பேசியிலோ, தெருமுனைக் கணினி மையத்திலோ செய்யலாம். சம்பளச் சீட்டில் உள்ள யு.ஏ.என். என்னும் பன்னிரண்டு இலக்க எண், அதற்குரிய கடவுச்சொல், ஆதாருடன் இணைந்த கைப்பேசி ஆகியவை கையில் இருக்க வேண்டும். குடும்பத்தினரின் ஆதார் எண்களையும், அவர்களுடைய புகைப்படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். unifiedportal-mem.epfindia.gov.in என்ற தளத்தில் நுழைந்து, உங்கள் படம் அங்கே இல்லையெனில் முதலில் அதனை ஏற்றுங்கள். பின்னர் Manage என்பதன் கீழ் E-Nomination என்பதைத் தேர்ந்தெடுங்கள். குடும்பம் உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று கூறி, ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும்.

நம்மவருக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. முஹம்மது என்ற திருப்பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தொழிற்சாலைப் பதிவில் ஒரு விதம், ஆதாரில் மற்றொரு விதம், வங்கியில் சுருக்கமாக மூன்றாவது விதம் என்று இருந்தால், பணம் பெறும் நாளில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு மாதத்தைத் தின்றுவிடும். ஆதாரில் உள்ளபடியே எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். உங்கள் பெயரே வேறுபட்டிருந்தால், முதலில் அதனைத் திருத்திக்கொண்டு பிறகு நியமனத்திற்கு வாருங்கள்.

குடும்பத்தினரைச் சேர்த்தவுடன் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். முடியவில்லை. சேர்த்தவர்களில் யார் யார் நாமினி என்பதைக் குறியிட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும். மொத்தம் நூறு ஆக வேண்டும். பிள்ளை சிறுவயதாயின் பாதுகாவலர் பெயரும் கேட்கப்படும். குடும்பத்தில் வயது வந்த ஒருவரை அதற்குக் குறிக்கலாம். இதனை விட்டுவிடாதீர்கள். நம் மார்க்கச் சட்டத்தில் யத்தீமின் சொத்துக்குத் தாய் தானாகவே பாதுகாவலர் ஆவதில்லை என்பதால், பாதுகாவலர் சான்றிதழ் கேட்டு விதவைகள் நீதிமன்றம் ஏறியதுண்டு. 2025 ஆகஸ்டில் வைப்பு நிதி நிறுவனம், பணம் நேரே சிறுவர்களின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுமானால் அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்று அறிவித்தது. ஆதலின் ஒவ்வொரு பிள்ளை பெயரிலும் இப்போதே வங்கிக் கணக்கு தொடங்கி வைப்பது நலம்.

விழுக்காட்டை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். முழுவதையும் மனைவி பெயரில் எழுதி, "அமானிதமாகப் பெற்றுப் பங்கிடு" என்று சொல்லிவைப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் விரைவாகக் கையில் வரும் என்பது அதன் நன்மை. சிறு பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய நன்மைதான். எனினும் என் கருத்து, உரியவர் அனைவரையும் எழுதி, பராயிள் பங்கை ஒட்டியே விழுக்காடு இடுவது நல்லது என்பதாகும். மேலே சொன்ன குடும்பமாயின் மனைவிக்கு 13, தாய்க்கு 17, மகனுக்கு 47, மகளுக்கு 23 என எழுதியிருக்கலாம். சில்லறை வித்தியாசத்தைப் பின்னர் வீட்டிலேயே சரி செய்துகொள்ளலாம். அப்படி எழுதியிருந்தால், மருமகளிடம் மாமியாரோ, மாமியாரிடம் மருமகளோ கையேந்தும் நிலை வந்திராது. பிறப்போ இறப்போ நேர்ந்தால் பங்குகள் மாறும் என்பதால், மீண்டும் எழுத வேண்டும்.

இறுதியாக e-Sign என்ற இடம் வரும். ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் எண்ணை அங்கே இட வேண்டும். இது இல்லாத நியமனம் கையெழுத்து இடாத பத்திரம் போன்றது. கணினி மையத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லாம் நிரப்பிவிட்டு, பழைய கைப்பேசி எண் ஆதாரில் இருந்ததால் அந்த எண் வராமல் திரும்பிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எல்லாம் முடிந்துவிட்டதென்றே நம்பிக்கொண்டிருந்தார். மறுபடி தளத்தில் நுழைந்து பார்த்தபோது அது நிலுவையில் என்று காட்டியது. முடிந்த நியமனத்தை அச்செடுத்து நிக்காஹ் பதிவுச் சான்றோடு சேர்த்து வையுங்கள். யு.ஏ.என். எண்ணை மனைவிக்குச் சொல்லுங்கள். இணைய வழியில் இயலாதவர்கள், இரண்டாம் எண் படிவத்தைத் தொழிற்சாலை வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கும் இதே விதிதான். பத்தொன்பது வயதில் தையல் பிரிவில் சேர்ந்து அத்தாவின் பெயரை எழுதிய பெண்கள், இன்று இரண்டு பிள்ளைகளின் தாயாக அதே இயந்திரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயர் நிக்காஹ் அன்றே போய்விட்டது. பெண் உறுப்பினருக்குக் கணவர், பிள்ளைகள், தம்மைச் சார்ந்த பெற்றோர், கணவரைச் சார்ந்த பெற்றோர் ஆகியோர் குடும்பம் ஆவர். கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்கி வைக்க விரும்பினால், அதனை எழுத்து மூலம் தெரிவிக்கவும் திட்டம் இடமளிக்கிறது.

அந்த வீட்டிற்கு ரமளானுக்கு முன் ஒருமுறை போயிருந்தேன். மருமகள் அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "நேத்துத்தான் ஹஜரத், படிவம் கொடுத்தாங்க" என்றார். யார் பெயரை எழுதினார் என்று கேட்டேன். பிள்ளைகள் இருவரின் பெயரையும் எழுதி, பாதுகாவலர் இடத்தில் மாமியாரின் பெயரை எழுதியிருந்தார். கணவரின் தாய் அவருடைய படிவத்தில் குடும்பமாகக் கருதப்படுவாரா என்று எழுத்தர் கேட்டாராம். "எங்க வீட்டுல அவங்கதான் பெரியவங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். கணவரைச் சார்ந்த பெற்றோர் என்று திட்டத்திலேயே இருப்பதை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதனை எழுத்தரிடம் காட்டச் சொன்னேன்.

வஸ்ஸலாம்.